மாப்பிள்ளை வருவது நோயல்ல



இது நீளமான பதிவு. முழுக்க வாசிக்க நேரமில்லாதவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டில் வேலை செய்கிற கணவர் மூன்று கிழமைக்கு வீட்டுக்கு வருவது ஒரு நோயல்ல. அதற்கு மெடிக்கல் எடுக்கக் கூடாது. அதிபரின் முகத்தைப் பார்த்து, "சேர், என்ர கணவர் வாறார், இந்தத் திகதிகளில் எனக்கு லீவு வேணும்" என்று சொல்லக்கூடிய நிலை எங்கள் ஆசிரியைகளுக்கு வர வேண்டும். அந்த வார்த்தையைக் கேட்டுச் சிரிக்காத அதிபர்களும் வர வேண்டும்.

எனக்காக இதை எழுதவில்லை. என் கணவர் இங்கேதான் தொழில் செய்கிறார். ஆனால் ஆசிரியர் அறையில் ஒவ்வொரு வருடமும் இந்த நாடகத்தைப் பார்க்கிறேன். லீவு எடுக்கிறவரின் வகுப்புக்கு ரிலீஃப் போகிறவர்களில் நானும் ஒருத்தி. அதனால் பேசுவதற்கு எனக்கு உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

நாடகம் இப்படித்தான் நடக்கும். ஒரு ரீச்சரின் மாப்பிள்ளை சவூதியிலிருந்தோ கட்டாரிலிருந்தோ வருகிறார். அவர் வரும் செய்தி சோனகதெரு முழுக்கத் தெரியும். ஐந்து சந்தியில் தேத்தண்ணி குடிக்கிறவருக்கும் தெரியும். தெரியாத ஒரே இடம் அதிபரின் மேசை. திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வரும்: "சேர், ஒரே காய்ச்சல், எழும்ப ஏலாது." பிறகு ஒரு வைத்தியச் சான்றிதழ் வரும். மூன்றாம் நாள் பின்னேரம், காய்ச்சலில் கிடக்கிற ரீச்சரை நல்லூர் பக்கம் ஐஸ்கிரீம் கடையில் கணவரோடும் பிள்ளைகளோடும் அவருடைய மாணவர்களே காண்பார்கள். அடுத்த நாள் வகுப்பில் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பார்கள். இந்த வாயால்தான் நாங்கள் அந்தப் பிள்ளைகளுக்கு உண்மை பேசு என்று சொல்லிக் கொடுக்கிறோம்.

குற்றம் அந்த ரீச்சரில் மட்டும்தான் என்று நான் சொல்லமாட்டேன். அவரை அந்தப் பொய்க்குத் தள்ளுகிறவர்கள் மூன்று பக்கமும் நிற்கிறார்கள். அதில் முதல் ஆள் அலுவலக அறையில் இருக்கிறார். கணவர் வருகிறார் என்று ஒரு பெண் சொன்னதும் சிலருடைய முகத்தில் ஒரு சிரிப்பு வருமே, அந்தச் சிரிப்பைத்தான் சொல்கிறேன். "ஓ, அப்ப ரீச்சரை இனி மூண்டு கிழமைக்குக் காண ஏலாது போல" என்று ஒரு பகிடி. பக்கத்தில் இருக்கிற கிளார்க்கும் சேர்ந்து சிரிப்பார். ஒரு தடவை அந்தப் பகிடியைக் கேட்ட பெண் அடுத்த தடவை காய்ச்சல் என்றுதான் சொல்வாள். வெட்கத்தைக் கொடுத்துவிட்டுப் பொய்யை வாங்குகிறீர்கள். அது நியாயமான வியாபாரம் இல்லை.

இப்போது சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். அரச பாடசாலை ஆசிரியருக்கு ஒரு வருடத்தில் 41 நாள் லீவு இருக்கிறது. அதில் 21 நாள் அமைய லீவு, 20 நாள் சுகயீன லீவு. சுகயீன லீவு நோய்க்கு. அமைய லீவு வாழ்க்கையில் வருகிற மற்றக் காரியங்களுக்கு. ஒரே தடவையில் ஆறு நாளுக்கு மேல் அமைய லீவு எடுக்க இயலாது. லீவு என்பது சலுகை, உரிமை அல்ல. சேவையின் தேவையைப் பார்த்து மேலதிகாரி மறுக்கலாம். தாபன விதிக்கோவையின் நிலைப்பாடு இது. அதிபர்மார் இந்தக் கடைசி வசனத்தை மட்டும் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். சரி, நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சேவையின் தேவையைப் பார்த்து மறுப்பது வேறு, காரணத்தைப் பார்த்து மறுப்பது வேறு. சொந்தக்காரரின் கலியாணத்துக்கு லீவு கொடுக்கிறீர்கள். வீட்டுக்கு கொங்கிறீட் போடுகிற நாளுக்கு லீவு கொடுக்கிறீர்கள். சொந்தக் கணவரோடு இருக்க என்று கேட்டால் மட்டும் அது எப்படிச் சின்னக் காரணமாகிறது?

அதே தாபன விதிக்கோவையில் எங்கள் பெண்களுக்கென்று ஒரு விசேட லீவு இருக்கிறது. கணவர் மௌத்தானால் இத்தா இருப்பதற்கு நாலு மாதமும் பத்து நாளும் சம்பளத்தோடு லீவு. தலாக் ஆனாலும் இத்தாவுக்கு லீவு உண்டு. இதைத் தந்ததற்கு நாங்கள் நன்றியோடு இருக்கிறோம். அந்த லீவுக் கடிதத்தைக் கொண்டு போகும்போது எந்த அதிபரும் சிரிப்பதில்லை. எழும்பி நின்று ஆறுதல் சொல்கிறார்கள். கணவர் இறந்துவிட்டார் என்று சொன்னால் கிடைக்கிற மரியாதை, கணவர் உயிரோடு வருகிறார் என்று சொல்கிற பெண்ணுக்கும் கிடைக்க வேண்டாமா? அவள் நாலு மாதம் கேட்கவில்லை. தன் கணக்கில் ஏற்கெனவே இருக்கிற 21 நாளில் ஆறு நாளைக் கேட்கிறாள்.

இரண்டாவது பக்கம் எங்கள் ஊர் வாய். "ஸ்கூல் லீவு நேரம் பார்த்து வரச் சொல்லுங்கோவன்" என்று மிகச் சுலபமாகச் சொல்வார்கள். சொல்கிறவர்களில் அநேகம்பேர் வெளிநாட்டுக் காசில் கட்டிய வீட்டு விறாந்தையில் இருந்துதான் சொல்கிறார்கள். அந்த லீவு எப்படிக் கிடைக்கிறது என்பதைச் சற்று விளங்கிக்கொள்ளுங்கள்.

சவூதித் தொழிற் சட்டப்படி, ஒரு முதலாளியிடம் ஐந்து வருடம் பூர்த்தியாகாத தொழிலாளிக்கு வருடத்துக்கு 21 நாள் லீவு. ஐந்து வருடத்துக்குப் பிறகு 30 நாள். திகதியைத் தீர்மானிப்பது முதலாளி. வேலையின் தேவையைப் பார்த்து முறை வைத்துக் கொடுக்கலாம். தொழிலாளிக்கு முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். அதற்குக் குறைந்தது 30 நாள் என்று சட்டம் சொல்கிறது. அப்படியென்றால் எல்லாம் சட்டப்படி நடந்தாலும் அவருக்கே ஒரு மாதத்துக்கு முன்தான் உறுதியாகத் தெரியும். அதற்குப் பிறகு ரீஎன்ட்ரி விசா அடிக்க வேண்டும், டிக்கட் எடுக்க வேண்டும். ரீஎன்ட்ரி முடிகிற நாளுக்குள் அவர் திரும்பிப் போய்ச் சேர வேண்டும். இரண்டு நாள் பிந்தி வாறன் என்று அங்கே யாரோடும் பேச இயலாது.

பெருநாளுக்கு வரலாமே என்பார்கள். பத்துப் பேர் வேலை செய்கிற இடத்தில் பத்துப் பேருக்கும் பெருநாளுக்கு வீட்டுக்குப் போக ஆசைதான். முறை வரவேண்டும். டிக்கட் விலையும் அந்த நாட்களில்தான் ஏறி நிற்கும். ஸ்கூல் லீவிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பு காலத்தில் விடுமுறை வருகிற மாதிரித் தனித் தவணை அட்டவணை இருக்கிறது. தமிழ்ப் பாடசாலையில் படிப்பிக்கிற எங்கள் ஆசிரியைகளுக்கு அது இல்லை. தாய் ஒரு அட்டவணையில், பிள்ளைகள் இன்னொரு அட்டவணையில் இருக்கிற வீடுகள் யாழ்ப்பாணத்தில் இருக்கின்றன. வருகிற மனிதர் எந்த அட்டவணையைப் பார்த்து வருவது?

இன்னொரு கணக்கும் உண்டு. 1990 ஒக்டோபரில் எங்களை வெளியேற்றிய பிறகு எத்தனையோ குடும்பங்கள் பாதி இங்கே, பாதி புத்தளத்தில் என்று ஆகிவிட்டன. மகன் சவூதியிலிருந்து வந்தால், யாழ்ப்பாணத்தில் மனைவி பிள்ளைகளையும் பார்க்க வேண்டும், புத்தளத்தில் உம்மாவையும் பார்க்க வேண்டும். 21 நாளில் கட்டுநாயக்காவிலிருந்து வருகிற பயணம், திரும்பிப் போகிற பயணம், புத்தளம் போய்வருகிற பயணம் எல்லாம் அடக்கம். மிச்சம் எவ்வளவு என்று விரலில் எண்ணிப் பாருங்கள்.

மூன்றாவது பக்கம் கணவர்மார். நானாமார் கோபிக்க வேண்டாம். "நான் வருசத்துக்கு ஒருக்காத்தானே வாறன், முழுக்க லீவு போடு" என்று சொல்வது பாசமாகத்தான் தெரியும். ஆனால் அந்த ஒரு வசனம்தான் உங்கள் மனைவியை மெடிக்கலுக்குத் தள்ளுகிறது. மூன்று கிழமை முழுக்க அமைய லீவு எந்த அதிபராலும் கொடுக்க இயலாது. ஒரே தடவையில் ஆறு நாள்தான் என்று மேலே சொன்னேன். அப்போது மிஞ்சுவது பொய்ச் சான்றிதழ் மட்டும்தான். அந்தச் சான்றிதழ் அவளுடைய 20 நாள் சுகயீன லீவையும் தின்கிறது. வருடக் கடைசியில் டெங்கு வந்து உண்மையாகவே படுத்தால் சம்பளமற்ற லீவில் படுக்க வேண்டும். பொய்யென்று கண்டுபிடிக்கப்பட்டால் அது ஒழுக்காற்று விடயம். விசாரணையில் அவளோடு பக்கத்தில் நிற்க நீங்கள் அந்த நேரம் இங்கே இருக்கமாட்டீர்கள்.

அப்படியானால் என்னதான் செய்வது? ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். கணித ஆசிரியை ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். கணவர் வெள்ளிக்கிழமை 6ஆம் திகதி காலை கட்டுநாயக்காவில் இறங்குகிறார். வியாழக்கிழமை 26ஆம் திகதி திரும்புகிறார். இரண்டு நாளையும் சேர்த்தால் 21 நாள். இதற்குள் வருகிற பாடசாலை நாட்கள் 15. இடையில் போயா வந்தால் ஒன்று குறையும்.

ரீச்சரின் நேரசூசியை எடுப்போம். கிழமைக்கு 24 பாடவேளை. திங்கள் 6, செவ்வாய் 5, புதன் 6, வியாழன் 4, வெள்ளி 3. வெள்ளியில் ஜும்ஆவுக்காக நேரம் சுருங்குவதால் குறைவு. இந்த 24இல் தரம் 11க்கு உரியவை 8. திங்கள், செவ்வாய், புதன் நாட்களில் இரண்டு இரண்டு; வியாழன், வெள்ளியில் ஒன்று ஒன்று. மூன்று கிழமையும் அவர் வராவிட்டால் 72 பாடவேளை போகும். அதில் 24 சாதாரண தரப் பரீட்சைக்கு இருக்கிற பிள்ளைகளுடையவை. அதிபர் பயப்படுவது இந்த எண்ணுக்குத்தான். அந்தப் பயம் நியாயமானது.

ஆனால் 15 நாளும் தேவையா? முதல் நாள் வெள்ளி, கணவர் வீட்டுக்கு வந்து சேரவே இரவாகும். அன்றைக்கு ரீச்சர் பாடசாலைக்குப் போகலாம். சனியும் ஞாயிறும் வீடு நிறைய ஆட்கள். சலாம் சொல்ல வருகிறவர்கள், பார்சல் வாங்க வருகிறவர்கள், மாமி, மச்சான், லாத்தாவின் பிள்ளைகள். அந்த இரண்டு நாளும் அவர் கணவரோடு பத்து வார்த்தை பேசியிருக்கமாட்டார். ஆட்கள் குறைவது திங்கட்கிழமைதான். ஆகவே 9ஆம், 10ஆம் திகதிகளில், திங்களும் செவ்வாயும் லீவு.

புத்தளம் போவதை அடுத்த கிழமைக் கடைசியில் வைப்போம். 19ஆம் திகதி வியாழன், 20ஆம் திகதி வெள்ளி இரண்டும் லீவு. இரண்டும் பாடம் குறைந்த நாட்கள். சனி ஞாயிறையும் சேர்த்தால் நாலு நாள் தொடர்ச்சியாகக் கிடைக்கும். கடைசியில் 25ஆம் திகதி புதன், 26ஆம் திகதி வியாழன். புதன்கிழமை பயணத்துக்கு முந்திய நாள், பெட்டி கட்டுகிற நாள், பிள்ளைகள் வாப்பாவை விட்டு அசையாத நாள். வியாழன் அதிகாலை அவர் வீட்டிலிருந்து வெளிக்கிடுவார். வழியனுப்பக் கட்டுநாயக்கா வரை போனால் வெள்ளியும் போய்விடும். அதை வீட்டு வாசலிலேயே வைத்துக்கொள்வது நல்லது.

மொத்தம் ஆறு நாள். சனி ஞாயிறு நாட்களையும் போகிற நாளையும் சேர்த்தால், 21 நாளில் 12 நாள் குடும்பம் ஒன்றாக இருக்கும். மற்ற நாட்களிலும் ரீச்சர் பின்னேரம் வீட்டில்தான் இருப்பார். போகிற பாடவேளைகள் 6, 5, 4, 3, 6, 4. கூட்டினால் 28. அதில் தரம் 11க்கு உரியவை 9. ஒரு பாடவேளை 40 நிமிடம் என்றால் ஒன்பதுக்கும் ஆறு மணித்தியாலம். கணவர் வருவதற்கு முந்திய இரண்டு கிழமையில் பாடசாலை விட்ட பிறகு நாலு பின்னேரம், ஒவ்வொரு தடவையும் ஒன்றரை மணித்தியாலம் எடுத்தால் அந்த ஆறும் முடிந்துவிடும். மிச்சம் 19 பாடவேளைக்குப் பயிற்சித் தாள் தயாரித்துப் பகுதித் தலைவரிடம் கொடுக்கலாம். இதை வந்த பிறகு செய்வேன் என்று சொல்லக் கூடாது, முதலே செய்ய வேண்டும். அவர் போன பிறகு இருக்கிற மனநிலையில் மேலதிக வகுப்பு எடுப்பது கஷ்டம். அதிபரும் "பிறகு செய்வன்" என்ற பேச்சை நிறையக் கேட்டவர்.

அதிபரிடம் சொல்வதும் இரண்டு தடவையாக இருக்க வேண்டும். கணவரின் முறை எந்த மாதம் என்று தெரிந்தவுடன் முதலாவது. திகதி உறுதியில்லை, இந்த மாதம்தான், ஆறு நாள் அளவில் கேட்பேன் என்று வாயால் சொல்லி வைக்கலாம். அப்போது அவரும் தவணைப் பரீட்சை, மேற்பார்வை, விளையாட்டுப் போட்டி எல்லாம் எந்த நாட்களில் வருகின்றன என்று சொல்வார். அந்த நாட்களை விட்டுத் திட்டம் போடலாம். டிக்கட் கையில் வந்தவுடன் இரண்டாவது தடவை, எழுத்தில். லீவுப் படிவத்தில் காரணம் என்ற இடத்தில் "சொந்த அலுவல்" என்று எழுதினாலும் போதும். ஆனால் படிவத்தோடு ஒரு கடிதம் வைத்தால் பேச்சே மாறும். கடிதம் இவ்வளவுதான்:

"எனது கணவர் சவூதி அரேபியாவிலிருந்து 6ஆம் திகதி வந்து 26ஆம் திகதி திரும்புகிறார். இக்காலத்தில் 9, 10, 19, 20, 25, 26 ஆகிய ஆறு நாட்களுக்கு அமைய லீவு கேட்கிறேன். தரம் 11இன் 9 பாடவேளைகளையும் முன்னைய இரு கிழமைகளில் பிற்பகல் வகுப்புகளில் முடித்துவிடுவேன். ஏனைய 19 பாடவேளைகளுக்கான பயிற்சித் தாள்களைப் பகுதித் தலைவரிடம் ஒப்படைப்பேன். 9, 10ஆம் திகதிகள் பாடசாலைக்குப் பொருந்தாவிடின் 11, 12ஆம் திகதிகளைக் கருத்திற்கொள்ளவும். அவரது பயணத் திகதி மாறினால் உடன் அறிவிப்பேன்."

இதில் கெஞ்சல் இல்லை, ஒளிப்பும் இல்லை. எதை மாற்றலாம், எதை மாற்ற இயலாது என்று தெளிவாக இருக்கிறது. டிக்கட் பிரதியை விரும்பினால் இணைக்கலாம். ஆனால் அதிபர்மாருக்கு ஒன்று சொல்கிறேன். அதற்கு மேல் ஆதாரம் கேட்காதீர்கள். கலியாண வீட்டுக்கு லீவு கேட்கிறவரிடம் அழைப்பிதழ் கேட்பதில்லையே.

"உங்களுக்குக் குடுத்தா எல்லாருக்கும் குடுக்க வேணும்" என்று ஒரு பதில் வரும். கொடுங்கள். இப்படி ஒரு கடிதத்தோடு, இப்படி ஒரு கணக்கோடு வருகிற எல்லாருக்கும் கொடுங்கள். ஒரு மாதத்துக்கு முன் அறிவித்து, பாடத்தை முதலே முடித்து, மாற்றுத் திகதியும் தருகிற ஆசிரியர்கள் வரிசையில் வந்தால் எந்தப் பாடசாலையும் விழுந்துவிடாது. பாடசாலையைக் குழப்புவது காலை ஏழு மணிக்கு வருகிற காய்ச்சல்தான்.

ரிலீஃப் போகிற எங்களுக்கும் இதே நியாயம்தான். "அவவின்ர மாப்பிள்ளை வாறதுக்கு நாங்க ஏன் கஷ்டப்பட வேணும்" என்று ஆசிரியர் அறையில் கேட்கிறார்கள். கலியாணம் முடிக்காத தங்கச்சிமார் கேட்பதில் நியாயம் இருக்கிறது. எல்லாச் சுமையும் அவர்கள் தலையில்தான் விழும். அதனால்தான் சொல்கிறேன், 28 பாடவேளைகளை இன்ன நாள், இன்ன வகுப்பு, இதுதான் தாள் என்று முதலே தெரிந்து பகிர்ந்து எடுப்பது ஒரு விதம். எத்தனை நாள் என்றே தெரியாமல், என்ன பாடம் என்றே தெரியாமல், கத்துகிற வகுப்புக்குள் ஓடிப் போய் நிற்பது இன்னொரு விதம். நான் இரண்டையும் செய்திருக்கிறேன். முதலாவதைச் சிரித்த முகத்தோடு செய்யலாம். அடுத்த மாதம் அந்தத் தங்கச்சிக்கு ஒரு தேவை வரும்போது, இந்த ரீச்சர் முதல் ஆளாய் ரிலீஃப் போக வேண்டும். அதுவும் கடனில் சேர்த்திதான்.

சிலர் மார்க்கத்தையும் இழுப்பார்கள். பொறுமை, சபுறு, வெட்கம் என்பார்கள். அவர்களுக்கு ஹஸ்ரத் உமர் (ரலி) அவர்களை ஞாபகப்படுத்துகிறேன். அவர்கள் கலீபாவாக இருந்தபோது இரவில் ஊர்வலம் வரும் வேளையில், போருக்குப் போன கணவனை நினைத்து ஒரு பெண் தனிமையில் பாடுவதைக் கேட்டார்கள். தன் மகள் ஹப்ஸா (ரலி) அவர்களிடம் போய், ஒரு பெண் கணவனைப் பிரிந்து எவ்வளவு காலம் பொறுத்திருப்பாள் என்று கேட்டார்கள். நாலு மாதம் என்றும் ஆறு மாதம் என்றும் அறிவிப்புகள் வருகின்றன. அந்தப் பதிலை வைத்து, படைவீரர்களை அதற்கு மேல் ஊரை விட்டு வைத்திருக்கக் கூடாது என்று ஏற்பாடு செய்தார்கள். ஒரு பேரரசை நடத்தியவர் ஒரு பெண்ணின் தனிமையைக் கேட்டுச் சிரிக்கவில்லை. அவளை வெட்கப்படுத்தவும் இல்லை. லீவு அட்டவணையை மாற்றினார். எங்களிடம் வருடத்துக்கு ஒரு தடவை, சிலருக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை வருகிற மனிதர்களுக்கு ஆறு நாள் கேட்டால் சபுறு செய்யச் சொல்கிறோம்.

இதில் எல்லா நேரமும் ஆம் என்ற பதில் கிடைக்காது என்பதும் எனக்குத் தெரியும். பரீட்சைக் கடமை வரும். வலயத்திலிருந்து மேற்பார்வைக்கு ஆட்கள் வருகிற நாள் வரும். ஒரே கிழமையில் இரண்டு ரீச்சர்மாருடைய கணவர்மாரும் வருவார்கள். அப்போது அதிபர், "25 ஏலாது, 24ஐ எடுங்கோ" என்று சொன்னால் அது நிருவாகம். அதை ஏற்றுக்கொள்ள வேண்டும். "இதுக்கெல்லாம் லீவா" என்று சொன்னால் அது நிருவாகம் இல்லை. அதற்கு ஆசிரியை மரியாதையோடு ஒன்று கேட்கலாம்: "சேர், எந்த நாள் ஏலாது, ஏன் ஏலாது எண்டு கடிதத்தில் எழுதித் தாங்கோ." காரணம் உள்ளவர் எழுதுவார். காரணம் இல்லாதவர் திகதியைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார்.

வெளிநாட்டில் இருந்து இதை வாசிக்கிற நானாமாரிடம் கடைசியாக மூன்று விடயம் கேட்கிறேன். உங்கள் முறை எந்த மாதம் என்று கம்பனியில் தெரிந்த அன்றைக்கே மனைவிக்குச் சொல்லுங்கள். திடீரென்று வாசலில் வந்து நின்று சந்தோசப்படுத்துகிற விளையாட்டு படத்துக்குச் சரி, வேலை செய்கிற பெண்ணுக்குச் சரிவராது. டிக்கட் எடுக்க முதல், அந்தக் கிழமையில் அவளுக்குப் பரீட்சைக் கடமை இருக்கிறதா என்று கேளுங்கள். இரண்டு திகதிகளில் ஒன்றைத் தெரிவுசெய்ய இடமிருந்தால் அவளைத் தெரிவுசெய்ய விடுங்கள். வந்த பிறகு அவள் பாடசாலைக்குப் போகிற ஒன்பது நாளும் பிள்ளைகளுக்குச் சோறு கட்டிக் கொடுத்து, கூட்டிப் போய் விட்டு, கூட்டி வாருங்கள். வருடம் முழுக்க அவள் தனியே செய்கிற வேலை அது. அந்த ஒன்பது நாளில் உங்கள் பிள்ளைகளை நீங்கள் படிக்கலாம்.

மெடிக்கல் எழுதிக் கொடுக்கிற டொக்டர்மாருக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. எங்கள் ஆசிரியைகள் உண்மையைச் சொல்லத் தொடங்கினால் இந்த வேலைக்காக உங்களிடம் யாரும் வரமாட்டார்கள்.

அடுத்த தவணையில் எவருடைய மாப்பிள்ளை வருகிறாரோ, அந்த ரீச்சர் மேலே இருக்கிற கடிதத்தை அப்படியே எடுத்துத் திகதியை மாற்றிக் கொடுக்கலாம். என்னிடம் கேட்கத் தேவையில்லை. ரிலீஃப் பட்டியலில் என் பெயரையும் போடச் சொல்லுங்கள்.

வஸ்ஸலாம்.